‘போக வேண்ட…’ என்று நின்ற செய்தி

பசறைப் பக்கம், மலைச்சரிவில் இருக்கும் ஒரு லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை விடாமல் அடிக்கிறது. இரவு ஒன்பது மணி. பதுளை டவுனில் கடையில் வேலை செய்யும் அண்ணனிடமிருந்து அம்மாவின் ஃபோனுக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. தங்கச்சி அதை எடுத்துச் சத்தமாக வாசிக்கிறாள்.

“அம்மா மழை அறிவித்தல் வந்தது. இன்றிரவு நீங்க பாடசாலைக்குப் போக வேண்ட”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

“போகச் சொல்றாரா, வேணாங்கிறாரா?” என்று அம்மா கேட்கிறார். தங்கச்சிக்குத் தெரியவில்லை. ‘வேண்டும்’ என்று முடிந்திருந்தால் மண்சரிவு அபாயம் இருக்கிறது, மேட்டிலுள்ள பாடசாலை மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான். ‘வேண்டாம்’ என்று முடிந்திருந்தால் எச்சரிக்கையைத் தளர்த்திவிட்டார்கள், இந்த மழையில் பாட்டியையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. திருப்பி அழைத்துப் பார்த்தால் ‘தொடர்பை ஏற்படுத்த முடியவில்லை’ என்கிறது ஃபோன்.

இது நான் கற்பனையாகச் சொல்லும் கதை. ஆனால் செய்தி இந்த இடத்தில் அறுவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. பென்சிலும் தாளும் எடுத்து வைத்துக்கொண்டால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

குறுஞ்செய்திக்கு ஓர் அளவு உண்டு. ஒரு கொழுந்துக் கூடையில் இவ்வளவுதான் கொள்ளும் என்பதுபோல, ஒரு குறுஞ்செய்திப் பொதியில் 140 பைட்டுகள்தான் கொள்ளும். ஆங்கில எழுத்துகளை நெருக்கி அடுக்கினால் இந்த இடத்தில் 160 எழுத்துகளைப் போடலாம். தமிழ், சிங்களம் போன்ற எழுத்துகளுக்கு ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட் தேவைப்படுகிறது. 140ஐ இரண்டால் வகுத்தால் 70. ஆகவே தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் 70 குறிகள்தான் போகும்.

‘குறி’ என்று ஏன் சொல்கிறேன்? ஃபோன் எழுத்துகளை எண்ணும் விதமும் தமிழ்ப் பாடத்தில் நாம் எண்ணும் விதமும் வேறு. நமக்கு ‘அம்மா’ மூன்று எழுத்து. ஃபோனுக்கு அது ஐந்து: அ, ம, மேலே வைக்கும் புள்ளி, இன்னொரு ம, பிறகு கால். மெய்யெழுத்து ஒவ்வொன்றும் இரண்டு குறி. கா, கி, கு போன்ற உயிர்மெய்களும் இரண்டு குறி. க, ச, ட என்று சும்மா நிற்பவை மட்டும் ஒரு குறி. போ, வே என்பவற்றில் கொம்பு எந்தப் பக்கம் நின்றாலும் கணக்கு இரண்டுதான். சொற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் முற்றுப்புள்ளியும் ஆளுக்கு ஒரு குறி.

இப்போது அண்ணனின் செய்தியை எண்ணுங்கள். ‘அம்மா’வில் தொடங்கி ‘வேண்ட’ வரை 67 குறிகள் வரும். அதற்குப் பிறகு ‘வேண்டும்’ என்று முடிக்க மூன்று குறிகள் தேவை. ‘வேண்டாம்’ என்று முடிக்கவும் அதே மூன்றுதான். இரண்டில் எதுவானாலும் மொத்தம் 70. அண்ணன் அதோடு கையை எடுத்திருந்தால் முழுச் செய்தியும் ஒரே பொதியில் பத்திரமாக வந்திருக்கும். ஆனால் அவர் “தலைவர் வந்து சொல்வார்” என்று இன்னொரு வரியும் சேர்த்து எழுதினார். 70ஐத் தாண்டிவிட்டது.

தாண்டினால் ஃபோன் செய்தியை இரண்டாக வெட்டும். ‘இது இரண்டு துண்டில் முதலாவது’, ‘இது இரண்டாவது’ என்று ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரு சின்னக் குறிப்பையும் வைக்கும். அந்தக் குறிப்புக்கு வழக்கமாக 6 பைட் போய்விடுகிறது. மிச்சம் 134. அதை இரண்டால் வகுத்தால் 67. அதனால்தான் முதல் துண்டு சரியாக ‘வேண்ட’ என்ற இடத்தில் நின்றது. ஃபோனுக்கு அர்த்தம் தெரியாது. 67 ஆனதும் வெட்டிவிடும்.

இரண்டு துண்டுகளும் தனித்தனியாகத்தான் பயணம் செய்கின்றன. மலைக்கு நடுவில் சிக்னல் வந்து வந்து போகிற இடத்தில் ஒன்று சேர்ந்து மற்றொன்று வழியில் தங்கிவிடலாம். சில ஃபோன்கள் இரண்டும் வரும்வரை காத்திருந்து சேர்த்துக் காட்டும். சில, கிடைத்த துண்டை மட்டும் காட்டும். அம்மாவின் ஃபோன் இரண்டாவது வகை.

இந்த இடத்தில் ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த கிளாட் ஷானன். செய்தி என்பதையே அளக்கலாம் என்று 1948இல் கணக்கோடு காட்டியவர் அவர். பிறகு 1951இல் அவர் வெளியிட்ட ஒரு சோதனை மிக எளிமையானது. ஒரு வாக்கியத்தின் எழுத்துகளை மறைத்து வைத்து, அடுத்த எழுத்து என்ன என்று ஒருவரை ஊகிக்கச் சொன்னார். நிறைய இடங்களில் சரியாகவே சொல்லிவிட்டார்கள். ஊகிக்க முடிகிற எழுத்து புதிதாக எதையும் சொல்வதில்லை, அது தொலைந்தாலும் நட்டமில்லை. ஊகிக்கவே முடியாத எழுத்துதான் செய்தியின் பாரத்தைச் சுமக்கிறது.

அண்ணனின் செய்தியில் ‘பாடசாலை’ என்பதன் கடைசி ‘லை’ தொலைந்திருந்தால் தங்கச்சி தானே நிரப்பி வாசித்திருப்பாள். ‘இன்றிரவு’ என்பதில் ‘வு’ போயிருந்தாலும் அப்படித்தான். ஆனால் ‘வேண்ட’வுக்குப் பிறகு வருவது ‘ு’ வா ‘ா’ வா என்பதை ஊகிக்கவே முடியாது. ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லும் செய்தியின் அளவை ஒரு பிட் என்பார்கள். வந்து சேர்ந்த 67 குறிகளும் ஃபோனுக்குள் 1,072 பிட்டுகளாக வந்தன. அம்மாவுக்குத் தேவைப்பட்ட அந்த ஒரு பிட் மட்டும் வரவில்லை.

தமிழில் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். செய்யலாமா கூடாதா என்பது அந்த வினையின் வாலில் ஒட்டியிருக்கும். வால் அறுந்தால் மொத்தமும் போயிற்று. அதே தமிழில் நமக்குக் கைகொடுக்கும் ஒன்றும் இருக்கிறது. “இன்றிரவு யாரும் பாடசாலைக்குப் போக வேண்ட” என்று செய்தி நின்றிருந்தால் எப்படி முடியும்? உடனே சொல்லிவிடுவீர்கள், ‘வேண்டாம்’ என்று. ‘யாரும் போக வேண்டும்’ என்று நாம் பேசுவதில்லை. ‘ஒருவரும்’, ‘ஒருபோதும்’ என்பவையும் அப்படித்தான், பின்னால் ஒரு மறுப்பு வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடும். ‘எல்லோரும்’ என்று இருந்தால் ‘வேண்டும்’ என்று முடிய வாய்ப்பு அதிகம். ஆனால் அது உறுதியில்லை. ‘எல்லோரும் போக வேண்டாம், பிள்ளைகள் மட்டும் போனால் போதும்’ என்றும் ஒருவர் எழுதலாம். ஆகவே அறுந்த செய்தி கைக்கு வந்தால், அறுந்த நுனியையே பார்த்துக்கொண்டிருக்காமல் முன்னால் போய் இப்படி ஒரு சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். அண்ணன் ‘நீங்க’ என்றுதான் எழுதியிருந்தார். அது இரண்டு பக்கமும் சாயாது.

தடயம் இல்லாதபோது மனம் சும்மா இருப்பதில்லை. தனக்கு எது பிடிக்குமோ அதைப் போட்டு நிரப்பிவிடுகிறது. இதில்தான் பெரிய ஆபத்து. விமானம் ஓட்டுபவர்கள் இன்றும் மறக்காத ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு பெரிய போயிங் 747 விமானங்கள் இருந்தன. ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்துடையது, மற்றது அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்துடையது. பனியில் ஒன்றுக்கொன்று தெரியவில்லை. தாங்கள் மேலெழப் போகிறோம் என்று கே.எல்.எம். விமானத்திலிருந்து வானொலியில் சொன்னார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்தவர், அவர்கள் புறப்படும் இடத்தில் தயாராக நிற்பதாக விளங்கிக்கொண்டார். “ஓகே” என்றார். சிறு இடைவெளி விட்டு, “காத்திருங்கள், நான் அழைக்கிறேன்” என்று தொடர்ந்தார். அதே நொடியில் பான் ஆம் விமானமும் தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பேசியது. இரண்டு குரல்கள் ஒரே அலைவரிசையில் மோதினால் காதைத் துளைக்கும் கீச்சொலிதான் கேட்கும். கே.எல்.எம். விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது ‘ஓகே’ மட்டும்.

அந்த ‘ஓகே’க்குப் பின்னால் ‘புறப்படுங்கள்’ என்பது இருந்திருக்கலாம், ‘காத்திருங்கள்’ என்பதும் இருந்திருக்கலாம். வேலை நேரம் முடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்த விமானத்தின் தலைவர் முதலாவதை எடுத்துக்கொண்டார். அந்த விமானத்தின் பொறியாளருக்குச் சந்தேகம் வந்தது. பான் ஆம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்கவும் கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. விமானம் நிற்கவில்லை. 583 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு வானொலியில் பேசும் முறையையே மாற்றினார்கள். மேலெழ உண்மையில் அனுமதி கொடுக்கும்போதும் அதை இரத்துச் செய்யும்போதும் தவிர ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை எவரும் உச்சரிக்கக் கூடாது. முக்கியமான கட்டளைகளைக் கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். வெறும் ‘ஓகே’ போதாது.

இப்போது லயத்துக்குத் திரும்புவோம். அம்மா என்ன செய்வது? எது உண்மையாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, எந்தத் தவறைப் பிறகு திருத்தலாம் என்று கேட்க வேண்டும்.

‘வேண்டாம்’ என்று அண்ணன் எழுதியிருந்து, இவர்கள் போய்விட்டார்கள் என்று வைப்போம். நனைவார்கள். குளிரில் பாட்டிக்கு இருமல் கூடும். மண்டபத்து வாங்கில் ஓர் இரவு தூக்கம் கெடும். காலையில் வீடு திரும்பிவிடலாம். ‘வேண்டும்’ என்று எழுதியிருந்து, இவர்கள் போகாமல் இருந்தால்? கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். அந்தத் தவறைக் காலையில் திருத்த முடியவில்லை.

ஆகவே பத்தில் ஒன்பது பங்கு ‘வேண்டாம்’ என்றுதான் இருக்கும் என்று தோன்றினாலும், மீதி ஒரு பங்குதான் இங்கே முடிவைச் சொல்ல வேண்டும். பாதை பத்திரமாக இருந்தால் மண்டபத்துக்குப் போய்விடுவதே சரி.

அதற்காக, சந்தேகம் வந்தால் எப்போதும் கிளம்பிவிட வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே இரவில் “ஆற்றுப் பாலத்தால் வர வேண்ட” என்று ஒரு செய்தி நின்றால் கணக்கு தலைகீழாகிறது. இங்கே போவதுதான் திருத்த முடியாத தவறு. வெள்ளம் பாலத்துக்கு மேலே ஓடுகிறதா என்பது இருட்டில் தெரியாது. காத்திருந்தால் நேரம்தான் போகும். முதல் செய்திக்கு எழுந்து நடப்பதும் இரண்டாவது செய்திக்கு நின்றுவிடுவதும் ஒரே கணக்கிலிருந்து வருகின்றன. மண்டபத்துக்குப் போகும் பாதையே ஓடையைக் கடந்து போனால் இரண்டு பக்கமும் ஆபத்து. அப்போது ஊகத்தால் முடிவெடுக்கக் கூடாது, தொலைந்த அந்த ஒரு பிட்டை வேறு வழியில் பெற வேண்டும்.

வேறு வழி இருக்கிறது. தோட்டத் தலைவரின் கதவைத் தட்டலாம். கிராம உத்தியோகத்தரைக் கேட்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். மழையையும் கேட்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கும் ஒரு டின்னை மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வைத்து, ஒரு நாள் கழித்து உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் அதுதான் மழையளவு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டி மழை தொடர்ந்தால் விழிப்பாக இருக்கவும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராகவும், 150ஐத் தாண்டினால் வெளியேறவும் சொல்லும் அளவுகளை நம் நாட்டு மண்சரிவு எச்சரிக்கையில் பயன்படுத்துகிறார்கள். டின்னில் நீர் 150 மில்லிமீற்றரைத் தாண்டி நிற்கிறது என்றால் செய்தியின் வால் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நிலத்தில் புது வெடிப்பு, நேராக நின்ற மரம் சாய்வது, ஊற்று நீர் திடீரெனக் கலங்கிச் சேறாக வருவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் டின்னைப் பார்க்கவும் வேண்டாம். பெரியவர்களிடம் சொல்லி உடனே விலகுங்கள்.

அண்ணனிடம் திருப்பிக் கேட்பதிலும் கவனம் தேவை. “போகணுமா வேணாமா?” என்று தங்கச்சி எழுதினால், “ஆமா” என்று பதில் வரக்கூடும். எதற்கு ஆமா? மறுபடியும் அதே குழி. “நாங்க பாடசாலைக்குப் போறோம். சரியா?” என்று தான் செய்யப் போவதைச் சொல்லிக் கேட்டால், ‘சரி’ என்ற பதிலுக்கும் ‘இல்லை’ என்ற பதிலுக்கும் தலா ஒரே அர்த்தம்தான் இருக்கும். கேள்வி குட்டையாக இருப்பதால் ஒரே பொதியில் போய்விடும்.

இன்னொரு வகை அறுப்பு இருக்கிறது. எனக்கு இதைவிடப் பயம் தருவது அதுதான். ‘வேண்ட’ என்று நின்றால் ஏதோ குறைகிறது என்று யாருக்கும் தெரியும். ஆனால் நீளமான ஒரு செய்தியின் நடுவில் “பண்டாரவளைப் பாதை திறந்துவிட்டது என்று வந்த செய்தி பொய்” என்று ஒருவர் எழுத, முதல் துண்டு ‘திறந்துவிட்டது’ என்ற சொல்லோடு நின்றால்? முழு வாக்கியமாகவே இருக்கிறது. வாசிப்பவருக்குச் சந்தேகமே வராது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இதை வாசிப்பவரால் தடுக்க முடியாது, எழுதுபவரால்தான் முடியும். வானொலியில் பேசுகிறவர்கள் தங்கள் பேச்சை முடித்துப் பதிலுக்குக் காத்திருக்கும்போது ‘ஓவர்’ என்பார்கள். அந்தச் சொல் வரவில்லை என்றால் செய்தி முடியவில்லை. நீங்களும் வீட்டாரோடு பேசி வைத்துக்கொள்ளலாம்: அவசரச் செய்தியின் கடைசியில் பெயரின் முதல் எழுத்தைப் போடுவோம், அது இல்லாத செய்தியை அரைகுறை என்று எடுத்துக்கொள்வோம் என்று.

அதைவிட நல்லது, முக்கியமானதைத் தலையில் வைப்பது. அண்ணன் “பாடசாலைக்குப் போங்க. மழை அறிவித்தல் வந்தது” என்று தொடங்கியிருந்தால், எங்கே அறுந்தாலும் வேண்டியது வந்து சேர்ந்திருக்கும். மறுப்பதாக இருந்தால் “வீட்டிலேயே இருங்க” என்று எழுதலாம். முதல் சொல்லிலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன, ஒரு கால் குறியை நம்பி நிற்க வேண்டியதில்லை. பொய்யான செய்தியை மறுக்கும்போதும் “பொய்! பாதை திறக்கவில்லை” என்று தொடங்குங்கள்.

இன்று வீட்டில் யாருடைய ஃபோனிலாவது வந்திருக்கும் நீளமான தமிழ்ச் செய்தி ஒன்றை எடுத்து, 67ஆவது குறியில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதை மட்டும் வாசித்தால் அர்த்தம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால், அதையே மாறாதபடி திருப்பி எழுதிப் பழகுங்கள். 117 என்ற இலக்கத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.